அப்படியே கொண்டுபோவதா, மாற்றிக் கொண்டுபோவதா? ஒரு நெடுவினாவை வாதமாக எழுத வைத்த கதை

தீபாவளி விடுமுறையில் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வேடசந்தூரில் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். அப்பாவுக்கு நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை. அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். கையில் ஒரு விடைத்தாள் வைத்திருந்தாள்.

"சார், நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான் எழுதினேன். ஆறு மார்க்தான் போட்டிருக்காங்க."

15 மதிப்பெண் வினா அது. "வெளிநாட்டுச் சந்தையில் நுழையும் நிறுவனம் தன் சந்தையிடுகைக் கலவையை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டுமா, நாட்டுக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டுமா? வாதிடுக." நான்கு பக்கம் எழுதியிருந்தாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது. சந்தையிடுகைக் கலவையின் இலக்கணம், பொருள், விலை, இடம், மேம்பாடு என நான்கு கூறுகள், ஒரே மாதிரி வைப்பதன் நன்மைகள் ஐந்து, மாற்றியமைப்பதன் நன்மைகள் ஐந்து, மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் மாட்டிறைச்சி விற்கவில்லை என்ற எடுத்துக்காட்டு, "ஆகவே இரண்டும் தேவை" என்ற முடிவு. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "முடிவு எங்கே?"

உண்மையில் அந்த ஆறு மதிப்பெண் எனக்குப் போட்டது. எதைக் கேட்டாலும் இலக்கணம், வகைகள், நன்மை, தீமை, முடிவுரை என்று வரிசையாக எழுதப் பழக்கியது நான்தான். நம் பொதுத்தேர்வின் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். "வாதிடுக" என்று கேட்கும் வினாவுக்குப் போதாது. அன்றிலிருந்து இந்த ஒரு வினாவை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு வாரம், வாரம் இரண்டு பாடவேளையாக எடுத்துப் பார்த்தேன். அதில் கண்டதை எழுதுகிறேன். வணிகவியல் ஆசிரியர்களோடு, மாணவர்களை வாதம் எழுத வைக்க நினைக்கும் மற்ற பாட ஆசிரியர்களுக்கும் சில இடங்கள் உதவலாம்.

முதல் தடுமாற்றம் நான் எதிர்பாராத இடத்தில் வந்தது. கரும்பலகையில் "தரப்படுத்துதல் அல்லது தகவமைத்தல்" என்று எழுதிவிட்டு ஒரு பத்தி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் அக்மார்க், ஐ.எஸ்.ஐ. முத்திரைகளைப் பற்றி எழுதிவிட்டார்கள்! அவர்கள் மேல் தவறில்லை. சந்தையிடுகையின் பணிகளைச் சொல்லும் பாடத்தில் தரப்படுத்துதல் என்ற சொல் பொருளின் தரத்தை வரையறுப்பதைக் குறிக்கிறது. இந்த வினாவில் அதே சொல் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் விற்பதைக் குறிக்கிறது. மட்டமான பொருளைக்கூட எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் விற்கலாம். அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். "ஒரே மாதிரி வைப்பது", "மாற்றியமைப்பது" என்று நேராகச் சொன்னதும் குழப்பம் தீர்ந்தது.

அடுத்து, உள்ளூரிலேயே இரண்டு பொருளை எடுத்துக்கொண்டோம்: எங்கள் ஆலைகளின் நூலும் திண்டுக்கல் பிரியாணியும்.

நூலைப் பற்றி எனக்கே பாடம் நடத்தும் அளவுக்குப் பிள்ளைகளுக்குத் தெரியும். 40 கவுண்ட் நூல் என்றால் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்கும். வேடசந்தூரில் நூற்றாலும் வங்கதேசத்தில் நூற்றாலும் அந்தக் கணக்கு மாறாது. வாங்குபவர் நெசவாலைக்காரர். அவருக்கு என்ன நூல் வேண்டும் என்பதை அவருடைய தறி முடிவு செய்கிறது. அவருடைய ஊர்ப் பழக்கத்துக்கு அதில் வேலையில்லை. ஆகவே நூலை அப்படியே அனுப்பலாம்.

"அப்போ பிரியாணியில காரத்தைக் குறைக்கணும் சார்," என்றான் ஒருவன். "பாரிஸ்ல யாரு இந்தக் காரத்தைத் தின்னுவாங்க?"

அதற்கு ஒரு மாணவியே பதில் சொன்னாள். அவளுடைய உறவினர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் போலிருக்கிறது. "தின்னுறது யாருங்கிறதைப் பொறுத்தது. நம்மாளுங்கன்னா காரம் குறைஞ்சா கோவிச்சுக்குவாங்க."

இந்த வினாவின் பாதி விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. பாரிஸில் லா சாப்பல் என்று ஒரு பகுதி உண்டு. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. அங்கே சாப்பிட வரும் தமிழருக்கு ஊரில் தின்ற அதே சுவை கிடைப்பதுதான் பொருள். அதே பிரியாணியைப் பிரெஞ்சுக்காரருக்கு விற்க நினைத்தால் காரம், பரிமாறும் அளவு, உணவுப் பட்டியலில் அதற்குத் தரும் விளக்கம் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். நாடு ஒன்று, ஊர் ஒன்று, விடை இரண்டு. "எந்த நாடு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுதத் தொடங்குபவருக்கு இது பிடிபடாது. "அந்த நாட்டில் யார், எதற்காக வாங்குகிறார்?" என்று கேட்பவருக்கே பிடிபடும்.

நூலிலும் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. நூல் மாறவில்லை என்றாலும் விற்கும் முறை மாறுகிறது. திருப்பூர் வியாபாரிக்குத் தவணை சொல்லிக் கடனுக்குக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக்கு வங்கியின் எல்.சி. வந்த பிறகே பெட்டி கிளம்பும். பொருள் ஒரே மாதிரி, விற்பனை நிபந்தனை வேறு மாதிரி. கலவை முழுவதையும் மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று மொத்தமாகக் கேட்டால் விடை சொல்லவே முடியாது. நான்கு கூறுகளுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மெக்டொனால்ட்ஸ் எடுத்துக்காட்டு சப்பென்று போவதும் இதனால்தான். அந்த நிறுவனம் 1996-இல் டெல்லியில் முதல் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல் திறந்தது, உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கரைக் கொண்டுவந்தது, சைவத்துக்குத் தனிச் சமையல் வரிசை வைத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன மாறவில்லை என்று ஒருவரும் எழுதுவதில்லை. மஞ்சள் வளைவு மாறவில்லை. பணம் கொடுத்துவிட்டுத் தட்டை நாமே எடுத்துப்போகும் முறை மாறவில்லை. ஒவ்வொரு வேலையையும் இத்தனை நிமிடத்தில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்ற சமையலறை ஒழுங்கும் மாறவில்லை. அந்த நிறுவனம் விற்பதே அந்த ஒழுங்கைத்தான் என்றுகூடச் சொல்லலாம். மாற்றியதை மட்டும் எழுதினால் அது பட்டியலாகவே நிற்கும். எதை மாற்றி எதை விட்டார்கள், ஏன் என்று எழுதும்போதுதான் வாதம் தொடங்குகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடச் சொன்னேன். சட்டம் கட்டாயப்படுத்தும் மாற்றங்களை வாதத்தில் சேர்க்கக் கூடாது. கனடாவில் விற்கும் உணவுப் பொட்டலத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருந்தாக வேண்டும். மின்சாதனம் அந்த நாட்டு மின்னழுத்தத்துக்கு ஓடியாக வேண்டும். இவற்றில் நிறுவனம் எதையும் தேர்வு செய்யவில்லை. தேர்வு இல்லாத இடத்தில் வாதிட என்ன இருக்கிறது? ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். என் மாணவி இதற்கே ஒரு பக்கம் செலவழித்திருந்தாள்.

அடுத்த பாடவேளையில், ஒரே மாதிரி வைப்பவர் பக்கம் நின்று பேசச் சொன்னேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. மாற்றுவது புத்திசாலித்தனம், மாற்றாதது பிடிவாதம் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஹார்வர்டில் சந்தையிடுகைப் பேராசிரியராக இருந்த தியோடர் லெவிட் 1983-இல் எழுதிய கட்டுரையின் சாரத்தை எடுத்துச் சொன்னேன். போக்குவரத்தும் தகவல்தொடர்பும் உலக மக்களின் விருப்பங்களை ஒன்றை நோக்கி இழுக்கின்றன என்பது அவர் கட்சி. ஒரே பொருளை எல்லோருக்கும் செய்தால் செலவு குறையும், செலவு குறைந்தால் விலை குறையும், விலை நன்றாகக் குறைந்தால் மக்கள் தங்கள் சின்னச் சின்ன உள்ளூர் விருப்பங்களை விட்டுக்கொடுப்பார்கள் என்றார் அவர். ஹூவர் நிறுவனத்தின் துணி துவைக்கும் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அந்த நிறுவனம் ஐரோப்பிய நாடுகளில் "உங்களுக்கு எப்படி வேண்டும்?" என்று கேட்டபோது ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்று கேட்டது. ஆனால் அந்த விருப்பங்களுக்குப் பொருந்தாத, எளிமையான இத்தாலிய இயந்திரங்கள் மலிவாக இருந்ததால் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. வாயால் சொல்லும் விருப்பம் ஒன்று, காசு கொடுக்கும்போது செய்யும் தேர்வு வேறு என்பதே அவருடைய குத்தல்.

லெவிட்டை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. சாப்பாட்டில் அவர் சொல்வது எடுபடாது. கெல்லாக்ஸ் 1994-இல் இந்தியாவுக்கு வந்தபோது மொறுமொறுப்பைத்தான் பெரிதாகச் சொன்னது. நம் வீடுகளில் பாலைக் காய்ச்சிச் சூடாகத்தான் ஊற்றுவோம். ஊற்றிய சில நொடிகளில் கார்ன்ஃப்ளேக்ஸ் கஞ்சியாகிவிடும். எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தப் பாலின் சூடு குறையப் போவதில்லை. ஆனாலும் லெவிட்டின் வாதத்தில் மாணவருக்குப் பயன்படும் உறுப்பு ஒன்று இருக்கிறது: மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கணக்காகப் போட்டுக் காட்டினேன். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை.

ஒரு நிறுவனம் ஒரு நாட்டில் தன் மோட்டார் சைக்கிளை மாற்றாமல் ஆண்டுக்கு 20,000 வண்டி விற்கும். வண்டிக்கு லாபம் ₹4,000. மொத்தம் ₹8 கோடி. அந்த நாட்டுக்கென்று இருக்கையையும் பின்பக்கக் கேரியரையும் மாற்றினால் அச்சு, சோதனை எல்லாம் சேர்ந்து ஒருமுறைச் செலவு ₹2 கோடி ஆகும். வண்டிக்கு ₹500 கூடுதலாகச் செலவாகும். விலையை ஏற்றாவிட்டால் வண்டிக்கு லாபம் ₹3,500 ஆகக் குறையும். பழைய ₹8 கோடியை முதல் ஆண்டிலேயே எட்ட, செலவழித்த ₹2 கோடியையும் சேர்த்து ₹10 கோடி வர வேண்டும். ₹10 கோடியை ₹3,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28,600 வண்டிகள். அதாவது விற்பனை 8,600 கூட வேண்டும்.

"ஐந்நூறு ரூபாயை விலையில ஏத்திட்டா, சார்?" என்று பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. நல்ல கேள்வி. அப்போது லாபம் ₹4,000 ஆகவே இருக்கும், 25,000 வண்டி போதும். ஆனால் அந்த நாட்டுக்காரர் அந்த இருக்கைக்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுப்பாரா? கொடுப்பார் என்றால் மாற்றம் அவருக்கு உண்மையிலேயே வேண்டியிருக்கிறது. கொடுக்க மாட்டார் என்றால், அவர் விருப்பம் என்று நாம் நினைத்தது வெறும் வாய்ச்சொல். பொருளை மாற்றுவது பற்றிய கேள்வி விலையைப் பற்றிய கேள்வியாக மாறும் இடம் இது. வாதிடுக என்று கேட்கும் தேர்வாளர் தேடுவதும் இந்த இணைப்பைத்தான்.

இனி முழுதாக எடுத்துக்கொண்ட நிகழ்வுக்கு வருகிறேன். டி.வி.எஸ். என்ற பெயர் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மதுரையில் பேருந்து ஓட்டித் தொடங்கிய குழுமத்தின் மோட்டார் நிறுவனம், ஓசூரில் வண்டி செய்கிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அதன் மொபெட் நிற்கிறது. அந்த நிறுவனம் வெளிநாடு போன இரண்டு பாதைகளை அருகருகே வைத்தோம்.

முதல் பாதை இந்தோனேசியா. ஜகார்த்தாவுக்குக் கிழக்கே கரவாங் என்ற இடத்தில் தொழிற்சாலை கட்டி 2007-இல் அங்கே வண்டி விற்கத் தொடங்கினார்கள். அந்த நாட்டில் அப்போது அதிகம் ஓடியது "பெபெக்" என்ற வகை. பெபெக் என்றால் அவர்கள் மொழியில் வாத்து. பெட்ரோல் டேங்க் இருக்கையின் அடியில் இருக்கும், முன்னால் காலை எடுத்துவைத்து ஏறலாம், கியர் உண்டு, கைக் கிளட்ச் கிடையாது. இந்தியாவில் அந்த வகைக்குப் பெரிய சந்தை இல்லை. டி.வி.எஸ். தன் இந்திய மோட்டார் சைக்கிளை அப்படியே அங்கே இறக்கவில்லை. நியோ என்ற பெயரில் 110 சிசி பெபெக் வண்டியைச் செய்து இறக்கியது. பாடநூல் சொல்லும் மாற்றியமைத்தலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

"அப்போ நல்லா வித்திருக்கும்," என்றார்கள் பிள்ளைகள். விற்கவில்லை. பல ஆண்டுகள் அந்தப் பிரிவு நட்டத்திலேயே ஓடியது.

ஏன் என்று யோசிக்கப் பத்து நிமிடம் கொடுத்தேன். இரண்டு காரணங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஒன்று, பொருளை மாற்றியவர்களால் மற்ற கூறுகளில் போட்டியாளரை எட்ட முடியவில்லை. அந்தச் சந்தையின் பெரும்பகுதி ஹோண்டா, யமஹா கையில் இருந்தது. ஊர்தோறும் அவர்களுக்குக் கடை, பட்டறை, உதிரிபாகம், பழைய வண்டிக்கு நல்ல விலை எல்லாம் இருந்தன. பெபெக் வாங்க நினைப்பவர் முன்னால் ஹோண்டா பெபெக்கும் புதிய டி.வி.எஸ். பெபெக்கும் நிற்கின்றன. தோற்றத்தில் ஒத்துப்போனதால் மட்டும் புதியவரை ஏன் எடுக்க வேண்டும்? மாற்றம் அவரைப் போட்டியாளரைப் போல ஆக்கியதே தவிர, போட்டியாளரைவிட மேலானவராக ஆக்கவில்லை. இரண்டு, மாற்றியமைத்த இலக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் இந்தோனேசிய மக்கள் பெபெக்கை விட்டுக் கியரில்லாத ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டருக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். டி.வி.எஸ். பின்னர் டாஸ் என்று ஒரு ஸ்கூட்டரையும் அங்கே இறக்கியது. ஆனால் நுழைந்தபோது செய்த மாற்றம் இறங்குமுகத்தில் இருந்த ஒரு விருப்பத்துக்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது பாதை ஆப்பிரிக்கா. கென்யா, உகாண்டா பக்கம் மோட்டார் சைக்கிளை வாடகை வண்டியாக ஓட்டுவார்கள். போடா போடா என்று பெயர். நம் ஊர் ஷேர் ஆட்டோ செய்யும் வேலையை அங்கே இரு சக்கரம் செய்கிறது. ஒரே வண்டியில் ஓட்டுபவர், பயணிகள், மூட்டை எல்லாம் போகும். அங்கே டி.வி.எஸ். விற்றது எச்.எல்.எக்ஸ். என்ற வரிசை. அடிப்படையில் அது இந்தியாவில் நாம் பார்க்கும் எளிமையான, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் பயண வண்டியின் உறவுக்காரன். நீண்ட இருக்கை, உறுதியான பின் கேரியர், முன்னால் கம்பித் தடுப்பு ஆகியவைதான் அதில் கண்ணில் படும் வேறுபாடுகள். மாற்றம் சிறியது. அந்த வரிசை நிலைத்து நின்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. பஜாஜ் பாக்ஸரும் இதே வழியில் போய் அங்கே இன்னும் பெரிய இடத்தைப் பிடித்த வண்டி.

வரைபடத்தில் இந்தோனேசியா நமக்குப் பக்கம். உணவில், பழக்கத்தில், சொற்களில்கூட நமக்கும் அவர்களுக்கும் பழைய உறவு உண்டு. அங்கே பெரிய மாற்றம் செய்தும் நட்டம். கிழக்கு ஆப்பிரிக்கா தூரம். அங்கே சின்ன மாற்றம் போதுமானதாக இருந்தது. போடா போடா ஓட்டுபவர் வண்டியை வாங்குவது பிழைப்புக்காக. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மேடுபள்ளத்தில் தாங்குமா, பழுதானால் அன்றைக்கே உதிரிபாகம் கிடைக்குமா என்பவைதான் அவர் கேள்விகள். நம் ஊர்ப் பால்காரரும் காய்கறி வியாபாரியும் கேட்கும் அதே கேள்விகள். பயன்பாடு ஒத்துப்போனதால் பொருளும் ஒத்துப்போனது. நாடுகளின் பண்பாடு எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பதைவிட, பொருள் பயன்படும் சூழல் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பது இந்த நிகழ்வில் சரியாக வழிகாட்டுகிறது. சாப்பாட்டுப் பொருளில் இதே அளவுகோல் பண்பாட்டிடமே நம்மைத் திருப்பி அனுப்பும். ஏனென்றால் சாப்பாடு பயன்படும் சூழல் என்பதே பண்பாடுதான்.

இனி எழுதும் வேலை. பேசும்போது அழகாகப் பேசிய பிள்ளைகள் எழுதும்போது பழையபடி பட்டியலுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் எழுதிய பத்தி இது: "மாற்றியமைத்தல் வாடிக்கையாளரின் தேவையை நிறைவு செய்கிறது. இதனால் விற்பனை கூடுகிறது. எடுத்துக்காட்டாக, டி.வி.எஸ். நிறுவனம் இந்தோனேசியாவில் பெபெக் வண்டியை அறிமுகப்படுத்தியது." இதில் பிழையான தகவல் இல்லை. ஆனால் டி.வி.எஸ். என்ற சொல்லை எடுத்துவிட்டு மெக்டொனால்ட்ஸ், ஆலூ டிக்கி என்று போட்டாலும் பத்தி அப்படியே நிற்கும். நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் ஒரு பத்தி நின்றால், அது இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைப் பிள்ளைகள் மாற்றி மாற்றி அடுத்தவர் விடையில் செய்து பார்த்தார்கள். ஆசிரியர் திருத்துவதைவிட இது வேகமாக வேலை செய்தது. கொஞ்சம் கேலியும் நடந்தது, பரவாயில்லை.

அதே மாணவன் மூன்றாம் முறை எழுதியதைத் தருகிறேன். சொற்களில் நான் கைவைக்கவில்லை.

"இந்தோனேசியாவில் டி.வி.எஸ். பொருளை மாற்றியது சரி, ஏனென்றால் அங்கே பெபெக் ஓட்டிப் பழகியவர்கள் அதிகம். ஆனால் பொருளை மாற்றியதால் ஹோண்டாவும் டி.வி.எஸ்.ஸும் ஒரே மாதிரி ஆகின்றன. அப்போது வாங்குபவர் பட்டறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அது இடம் என்ற கூறு. இடத்தில் ஹோண்டா முன்னால் இருந்ததால் பொருளுக்குச் செய்த செலவு திரும்பவில்லை. எனவே போட்டியாளர் வலுவாக உள்ள நாட்டில் பொருளை மட்டும் மாற்றுவது போதாது."

நான்கு வரி வாதம். ஒரு கூறிலிருந்து இன்னொரு கூறுக்கு "அப்போது", "ஆனதால்", "எனவே" என்று நடந்து போகிறது. கடைசி வாக்கியத்தில் நிபந்தனையோடு ஒரு தீர்ப்பு இருக்கிறது. அந்த நிபந்தனைதான் "இரண்டும் தேவை" என்ற முடிவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. "இரண்டும் தேவை" என்றால் எது எப்போது என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்வது. "போட்டியாளர் வலுவாக உள்ள நாட்டில்" என்று சொன்னால் எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், யாராவது மறுக்கலாம். மறுக்க இடமில்லாத முடிவை முடிவு என்று ஏற்பதில்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

நேரப் பங்கீட்டையும் மாற்றினோம். முன்பெல்லாம் இலக்கணத்துக்கும் நன்மைப் பட்டியலுக்கும் முக்கால்வாசி நேரம் போகும், முடிவுரை மணி அடிக்கும்போது இரண்டு வரியில் முடியும். இப்போது முதல் வாக்கியத்திலேயே தன் நிலையை எழுதச் சொல்கிறேன். இலக்கணம் இரண்டு வரிக்கு மேல் கூடாது. பிறகு தன் நிலைக்கு வலுவான ஒரு காரணம், அதற்கு எதிரான வலுவான ஒரு காரணம். எதிர்க்காரணம் வெல்லும் சூழல் எது என்று ஒப்புக்கொண்ட பின் தீர்ப்பு. நான்கு கூறுகளையும் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை, எந்த இரண்டு இந்த நிறுவனத்துக்கு முக்கியமோ அவை போதும். இதை ஏற்பதற்குச் சில பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது. "விட்டுட்டா மார்க் போயிடும் சார்" என்ற பயம். பொதுத்தேர்வில் "விளக்குக" என்று கேட்டால் நான்கையும் எழுதத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வினாச் சொல்லுக்கும் இரண்டு விதமாக எழுதும் பழக்கம் ஒரு மாதத்தில் வந்துவிடாது. இப்போதும் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசிப் பாடவேளைக்கு அந்தப் பழைய மாணவியையும் அழைத்திருந்தேன். அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. டி.வி.எஸ். இந்தோனேசியாவுக்குப் பெபெக் செய்துகொண்டு போனதே தவறு, ஓட்டுபவர் பிழைப்புக்கு வண்டி வாங்கும் நாடுகளுக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்றது ஒரு பக்கம். மாற்றியது சரி, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்துப் பெபெக்குக்குப் பதில் ஸ்கூட்டராக மாற்றியிருக்க வேண்டும் என்றது மறுபக்கம். அவள் இரண்டாவது பக்கம் நின்று பேசினாள், எதிர்ப்பக்கத்தில் ஒரு பையன் விடாமல் மறுத்தான். இரண்டு பேரையும் எழுதித் தரச் சொல்லி 15-க்குத் திருத்தினேன். இருவருக்கும் பதினொன்று போட்டேன். அவளுக்கு விலையைப் பற்றி ஒரு வரியும் எழுதாததற்கு நான்கு குறைந்தது. அவனுக்கு ஸ்கூட்டர் வாதத்துக்குப் பதிலே சொல்லாமல் விட்டதற்கு நான்கு குறைந்தது.

"பதினொன்னா?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, விலையைப் பற்றி விட்டுப்போன பத்தியை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.